ட்ரெட்மில் தாளில் ‘ST -1.6’ என்றிருந்தால் அடைப்பா?

“அப்பாவுக்கு வயது 54, மல்லாவியில வயல் செய்யிறவர். வவுனியாவில ட்ரெட்மில் டெஸ்ட் செய்தம். தாளில V5க்குக் கீழ ST -1.6 எண்டு கிடக்கு. இதயக் குழாயில அடைப்பெண்டு அர்த்தமோ டொக்டர்?”

ST என்பது ஈசிஜியில் கூர்மையான பெரிய அலைக்குப் பின் வரும் கோட்டுத் துண்டு, -1.6 என்பது அது எத்தனை மி.மீ. தாழ்ந்திருக்கிறதென்ற அளவு. அந்த எண்ணை வைத்து மட்டும் அடைப்பென்று சொல்ல முடியாது. V5 என்பது நெஞ்சின் இடப்பக்கம் ஒட்டும் கம்பிகளில் ஒன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த V5 அலையின் வடிவம் வேறு கதை சொல்கிறது.

தாளில் ஒரு சின்னக் கட்டம் உயரத்தில் 1 மி.மீ. கூர்மையான பெரிய அலை முடியும் இடம்தான் ஜே புள்ளி. அந்த அலைக்குச் சற்று முன்னால் ஓடும் தட்டையான கோட்டை அடிமட்டமாக வையுங்கள். ஜே புள்ளியிலிருந்து வலப்பக்கம் இரண்டு சின்னக் கட்டம் தள்ளி, கோடு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதென்று பாருங்கள். அங்கேயும் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் தாழ்ந்து, கிடையாகவோ சரிந்தோ போய், அடுத்தடுத்த மூன்று துடிப்பிலும் அப்படியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்பாவின் தாளில் இயந்திரம் ஜே புள்ளியிலேயே அளந்து 1.6 போட்டிருக்கிறது. இரண்டு கட்டம் தள்ளிப் பார்த்தால் அரைக் கட்டத் தாழ்வுதான். கோடு விறுவிறென்று மேலேறுகிறது. வேகமாக ஓடும் இதயத்தில் இது வழமையாகக் காண்பதுதான்.

இன்னொன்று, இயந்திரம் பல துடிப்புகளைச் சராசரியாக்கித்தான் அந்த அழகான அலையை வரைகிறது. வரம்பில் நடந்து பழகியவர் முதன்முதலாக ஓடும் பட்டியில் ஏறினால் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார், கோடு ஆடும், சராசரியும் கெடும். ஆகவே சராசரியாக்காத மூல அலைகளிலும் ஒருமுறை பாருங்கள். அப்பாவுக்கு அவையும் சரியாகவே இருக்கின்றன.

இனி துடிப்பு. 220இல் வயதைக் கழித்தால் 166, அதன் 85 வீதம் 141. அவர் 146ஐத் தொட்டிருக்கிறார், சோதனை போதுமானது. துடிப்பைக் குறைக்கும் அட்டெனொலோல் போன்ற மாத்திரையைக் குடித்துவிட்டு 118இலேயே நின்றிருந்தால் ‘நோர்மல்’ என்ற முடிவை நான் நம்பியிருக்க மாட்டேன். (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

பலர் புரட்டாமல் விடும் பக்கம், ஓய்வுப் பக்கம். பட்டியில் மெதுவாக நடந்தபடி ஓய்வெடுக்கும்போது முதல் நிமிடத்தில் துடிப்பு 12க்கு மேல் குறைய வேண்டும். அப்பாவுக்கு 146 வந்து 122 ஆகியிருக்கிறது, 24 குறைவு. கோடும் முதல் நிமிடத்திலேயே அடிமட்டத்துக்குத் திரும்பிவிட்டது. கிடையான தாழ்வாக ஐந்தாம் நிமிடம் வரை நீடித்திருந்தாலோ, ஓடும்போது இல்லாமல் ஓய்வில் மட்டும் தோன்றியிருந்தாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஆனால் தாளில் இல்லாத ஒன்றை அப்பாவிடம் கேளுங்கள். நெல் மூட்டையோடு எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் விடுகிறதா? ஆமென்றால், இந்தச் சோதனை தவறவிடும் அடைப்புகளும் உண்டு என்பதால் தாளோடு இதய நிபுணரிடம் போங்கள். சும்மா இருக்கும்போதே இறுகினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.