ஸ்டாப் லாஸைத் தள்ளி வைத்தால் பங்கின் எண்ணிக்கையைக் குறையுங்கள்

கேள்வி: பசுந்தேயிலை விற்ற பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்குகிறேன். எதை வாங்கினாலும் 2 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் போடுவேன். சந்தை ஆடும் நாட்களில் அது அடிபட்டு, பிறகு விலை ஏறிவிடுகிறது. ஏடிஆர் பார்த்துப் போடச் சொல்லி ஒருவர் 6,000 ரூபாய்க்கு சாஃப்ட்வேர் விற்கிறார். வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் புரோக்கர் செயலியின் சார்ட்டில் இண்டிகேட்டர் பட்டியலைத் திறந்து ATR என்று தேடுங்கள், இலவசமாகவே கிடைக்கும். வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட கணக்கு அது.

ஒரு பங்கு ஒரு நாளில் எத்தனை ரூபாய் ஆடுகிறது என்பதன் சராசரிதான் ஏடிஆர். வழக்கமாக 14 நாட்களுக்குப் பார்ப்பார்கள். அன்றைய உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியோடு, நேற்றைய முடிவு விலையிலிருந்து ஏற்பட்ட தாவலும் இதில் சேரும். நேற்று 500-இல் முடிந்த பங்கு இன்று 492-க்கும் 486-க்கும் நடுவிலேயே ஓடினால், ஆட்டம் 6 ரூபாய் அல்ல, 14 ரூபாய்.

500 ரூபாய்ப் பங்கின் ஏடிஆர் 8 என்றால், உங்கள் 2 சதவீதம், அதாவது 10 ரூபாய், ஒரு நாள் ஆட்டத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம். ஏடிஆர் 15 ஆகும்போது அது சாதாரண ஆட்டத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. உங்களுக்கு நேர்ந்தது இதுதான். ஏடிஆர் போல இரண்டு மடங்கு தள்ளி வைப்பது பலரின் வழக்கம். அப்படி வைத்தால் அமைதியான காலத்தில் 484, ஆடும் காலத்தில் 470.

விற்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்த படி. ஒரு வாங்கலில் 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 ரூபாய் இடைவெளிக்கு 125 பங்கு வாங்கலாம். 30 ரூபாய் இடைவெளிக்கு 66 பங்குதான். பழைய பழக்கத்தில் 125-ஐயே வாங்கினால் இழப்பு 3,750 ரூபாய்.

வாங்கிய பிறகு ஏடிஆர் கூடினாலும் ஸ்டாப்பைக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் முதலில் போட்ட 2,000 ரூபாய்க் கணக்கே பொய்யாகிவிடும். விலை ஏறினால் ஸ்டாப்பை மேலே நகர்த்தலாம்.

ஏடிஆர் முன்கூட்டி எச்சரிக்காது. அது 8 ஆக இருக்கையில் ஒரே நாளில் பங்கு 28 ரூபாய் ஆடினாலும், வைல்டர் முறையில் 9.43-க்குத்தான் ஏறும். அதனால் காலாண்டு முடிவு வரும் நாளுக்கு முன் அதை நம்பிப் புதிதாக வாங்க வேண்டாம். மறுநாள் 450-இல் திறந்தால் 470-இல் வாங்க ஆளே இருக்காது.

சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலையோடு காலாவதியாகிவிடும். நாள் கணக்கில் வைத்திருக்கும் பங்குக்கு, உங்கள் புரோக்கரிடம் GTT வசதி இருந்தால் அதில் போடுங்கள். அது அவர்கள் சர்வரிலேயே இருக்கும் என்பதால், மழையில் கோத்தகிரியில் சிக்னல் போனாலும் விலை தொட்டதும் விற்பனை ஆர்டர் போய்விடும்.