ரிட்டென்ஷன் தொகையைக் கேட்கும்போது மறுபடியும் ஜிஎஸ்டி போட வேண்டுமா?

கேள்வி: ஓசூர் அருகே ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் 40 லட்சம் ரூபாய்க்கு மின்வேலை செய்துகொடுத்தோம். வேலை நடக்க நடக்கக் கொடுத்த நான்கு ஆர்ஏ பில்களிலும் 5 சதவீதத்தை ரிட்டென்ஷனாகப் பிடித்துவைத்தார்கள். ஓராண்டுக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்துவிட்டது. 2 லட்சத்தைக் கேட்டால், ‘ஜிஎஸ்டியோடு இன்வாய்ஸ் அனுப்புங்கள்’ என்கிறது அவர்களுடைய கணக்குப் பிரிவு. அப்படியே அனுப்பிவிடலாமா? எந்தத் தேதி போடுவது?
– ஒரு கூட்டாண்மை நிறுவனத்தின் பங்குதாரர்

பதில்: இன்றைக்கு அனுப்பாதீர்கள். பழைய நான்கு பில்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரியைப் பாருங்கள். ஜிஎஸ்டி எந்தத் தொகையின் மேல் போடப்பட்டிருக்கிறது? வேலையின் முழு மதிப்பின் மேலா, பிடித்தம் போக மிஞ்சிய தொகையின் மேலா? உங்கள் கேள்விக்கான விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

பெரும்பாலான பில்கள் முழு மதிப்பின் மேல் வரி போட்டவையாகவே இருக்கும். 10 லட்சம் ரூபாய் வேலைக்கு 18 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய் ஜிஎஸ்டி சேர்த்து 11,80,000 ரூபாய்க்குப் பில் கொடுத்திருப்பீர்கள். அவர்கள் அதில் ரிட்டென்ஷன் 50,000, டிடிஎஸ் 20,000 கழித்து 11,10,000 அனுப்பியிருப்பார்கள். அந்த 50,000 ரூபாய்க்கான வரியை நீங்கள் அப்போதே வாங்கி அரசுக்குக் கட்டிவிட்டீர்கள். இப்போது வர வேண்டியது பழைய பில்லின் பாக்கி மட்டுமே; அது புதிய விற்பனை அல்ல. அதற்கு மறுபடியும் வரி இன்வாய்ஸ் போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை வரி கட்டியவர் ஆவீர்கள். ஜிஎஸ்டிஆர்-1இல் உங்கள் விற்றுமுதலும் வீணாக ஏறும்.

இந்த வகைத் தொகைக்கு லெட்டர்ஹெட்டில் ஒரு கோரிக்கைக் கடிதம் போதும். கணக்குப் பிரிவுக்கு அவர்களுடைய மென்பொருளில் ஏற்ற ஓர் எண் வேண்டும். பெரும்பாலும் அதற்காகத்தான் இன்வாய்ஸ் கேட்கிறார்கள். கடிதத்துக்கு RET/01 என்பதுபோல் தனி வரிசை எண் கொடுங்கள். வரி இன்வாய்ஸ் வரிசையிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள். ‘இத்தொகைக்கான ஜிஎஸ்டி இன்ன தேதியிட்ட இன்ன எண் இன்வாய்ஸில் ஏற்கெனவே விதிக்கப்பட்டுள்ளது’ என்ற வாசகத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

‘இன்வாய்ஸ் இல்லாமல் எங்களுக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது’ என்று அவர்கள் சொல்லக்கூடும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வாங்குபவர் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்காத பகுதிக்குத் தான் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியை அவர் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது விதி. ஓராண்டு நிறுத்திவைக்கும் ரிட்டென்ஷன் இதில் அடிக்கடி சிக்குகிறது. ஆனால் உங்களுக்குப் பணம் கொடுத்ததும் அந்த வரியைப் பழைய இன்வாய்ஸின் பேரிலேயே அவர்கள் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மறுபடி எடுப்பதற்கு, நவம்பர் 30 என்ற வழக்கமான கெடு பொருந்தாது. புதிய இன்வாய்ஸும் தேவையில்லை. இதைப் பணிவாக, ஆனால் எழுத்தில் சொல்லுங்கள்.

பிடித்தம் போக மிஞ்சிய தொகையின் மேல் மட்டும் வரி போட்ட பில் இருந்தால் கதை வேறு. பிடித்துவைத்த பகுதிக்கு இதுவரை வரியே கட்டப்படவில்லை. ஆகவே முறையான வரி இன்வாய்ஸ் வேண்டும். உங்கள் பில்களை நான் பார்க்கவில்லை என்பதால், அடிக்கடி கண்ணில் படும் ஒரு கலவையை வைத்துக் கணக்கிடுகிறேன். நான்கு பில்கள் 10, 12, 8, 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் முறையே 50,000, 60,000, 40,000, 50,000. மூன்றாவது பில்லின்போது கணக்கெழுதுபவர் மாறி, 7,60,000 ரூபாய்க்கு மட்டும் வரி போட்டுவிட்டார். அப்படியென்றால் அனுப்ப வேண்டியவை இரண்டு தாள்கள். 1,60,000 ரூபாய்க்கு வரியில்லாத கோரிக்கைக் கடிதம் ஒன்று. 40,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 7,200 ரூபாயும் சேர்த்து 47,200 ரூபாய்க்கு வரி இன்வாய்ஸ் ஒன்று. இரண்டும் சேர்ந்து 2,07,200 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே இன்வாய்ஸில் போட்டிருந்தால் 36,000 ரூபாய் ஜிஎஸ்டி ஆகியிருக்கும். அதில் 28,800 ரூபாய் ஏற்கெனவே கட்டிய வரி.

டிடிஎஸ் கணக்கையும் இதே வழியில் சரிபார்க்கலாம். கூட்டாண்மை நிறுவனத்துக்கு 2 சதவீதம். முழு மதிப்பில் பில் ஏறிய மூன்றுக்கும் சேர்த்து 64,000, மூன்றாவது பில்லுக்கு 15,200, ஆக 79,200 ரூபாய் படிவம் 26ஏஎஸ்ஸில் தெரிந்தால், இனிப் பிடிக்க வேண்டியது 40,000 ரூபாயின் மேல் 800 மட்டுமே. ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மேல் டிடிஎஸ் கிடையாது. கைக்கு வர வேண்டியது 2,06,400 ரூபாய். மொத்த 2 லட்சத்துக்கும் அவர்கள் மறுபடி டிடிஎஸ் பிடித்தால், 26ஏஎஸ் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

தேதி விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் நீங்கள் வேலையை முடித்த நாளிலிருந்து ஓடுவதாக நினைக்காதீர்கள். பல ஒப்பந்தங்களில் அது பணி நிறைவுச் சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து ஓடும். அந்தத் தேதி இரண்டு மூன்று மாதம் பிந்தியும் இருக்கும். இடையில் பழுது பார்த்த பகுதிக்குக் காலம் புதிதாகத் தொடங்கும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். காலம் முடிந்ததும் பொறுப்புப் பொறியாளரிடம் கூட்டு ஆய்வுக்கு எழுதிக் கேட்டு, குறை ஏதும் நிலுவையில் இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். பணத்தை விடுவிக்கும் சாவி அதுதான்.

40,000 ரூபாய்க்கான வரி இன்வாய்ஸைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு போடுங்கள். ஒப்பந்தப்படி பணம் கொடுக்க வேண்டிய கெடு நாளைத் தாண்டவிடாதீர்கள். முன்கூட்டியே போட்டால், பணம் வராமலேயே அந்த மாத வரியைக் கைப்பணத்தில் கட்ட நேரும். கெடுவைத் தாண்டினால் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேரும். ரிட்டென்ஷன் சான்றிதழுக்குப் பிறகே செலுத்தத்தக்கது என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் இந்தத் தள்ளிவைப்பு செல்லும். அந்த வாசகம் இல்லையென்றால் மூன்றாவது பில்லிலேயே முழு வரி கட்டியிருக்க வேண்டும். அந்த வட்டியை ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்கிட்டுக் கட்டிவிடுங்கள். சேவைக் குறியீடு பழைய பில்லில் உள்ளதாகவே இருக்கட்டும். உங்கள் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் இ-இன்வாய்ஸாகப் பதிந்து ஐஆர்என் எண் பெற வேண்டும். அது இல்லாத தாள் இன்வாய்ஸாகவே கொள்ளப்படாது.

இரண்டு தாள்களோடும் பில்வாரியான பிடித்தப் பட்டியலை இணையுங்கள்: பில் எண், தேதி, வேலை மதிப்பு, பிடித்த தொகை, வரி போட்ட தொகை. அதை அனுப்புவதற்கு முன் அவர்களுடைய பேரேட்டு நகலைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பில்லின் ரிட்டென்ஷனை ‘இதர பிடித்தம்’ என்ற கணக்கில் எழுதிவைத்துவிட்டு, அப்படி ஒரு தொகையே இல்லை என்று கணக்குப் பிரிவு சொன்னதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று.

இன்னொன்று. பணம் தருவதற்கு முன் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். கூடுதல் வேலைக்கான பாக்கி ஏதாவது இருந்தால், அதைத் தொகையோடு குறிப்பிட்டு, ‘இது நீங்கலாக’ என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.