ஏழு பாக்டீரியா, ஆறு கேள்வி: கிளை வரைபடம் பற்றிய கேள்வி-பதில்

பருவத் தேர்வு நெருங்குகிறது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘அன்நோன்’ பற்றித்தான். கையில் ஒரு டியூபைக் கொடுத்து, ‘இது எந்த பாக்டீரியா, கண்டுபிடி’ என்பார்களே, அந்தப் பயிற்சி. ஒவ்வொரு சோதனையின் முடிவைப் பொறுத்தும் வழி இரண்டாகப் பிரிந்து, கடைசியில் ஒரு பெயரில் முடியும் கிளை வரைபடம்தான் அதற்கு உதவி. எல்லோருக்கும் பொதுவாக ஏழு கிராம் நெகட்டிவ் கோல் வடிவ பாக்டீரியாக்களை எடுத்துக்கொள்கிறேன்: ஈ. கோலை, கிளெப்சியெல்லா நிமோனியே, என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ், புரோட்டியஸ் வல்காரிஸ், புரோட்டியஸ் மிராபிலிஸ், சால்மொனெல்லா டைஃபிமூரியம், சூடோமோனாஸ் ஏருஜினோசா. (மூன்றாவதுக்கு இப்போது கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பல லேப் மேனுவல்களில் பழைய பெயரே இருப்பதால் நானும் அப்படியே சொல்கிறேன்.)

வகுப்பில் இன்டோல், எம்.ஆர்., வி.பி., சிட்ரேட் என்ற வரிசையில் நடத்தினார்கள். அதே வரிசையில் வரைந்தேன். படம் பக்கத்துக்குள் அடங்கவில்லை. எங்கே தப்பு?

அது மனப்பாடம் செய்ய வசதியான வரிசை, பிரிப்பதற்கான வரிசை இல்லை. படம் வரையும் முன் ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் ஏழு பெயர்கள், மேலே சோதனைகள், கட்டங்களில் பிளஸ், மைனஸ். வகுப்புக் குறிப்பில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே சிதறிக் கிடக்கும் விவரம் அப்போதுதான் ஒரே பார்வையில் தெரியும்.

ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு கிளைப்பும் ஒரு கூட்டத்தை இரண்டாக்கும், அதாவது குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடும். ஆக, ஏழைத் தனித்தனியாகப் பிரிக்க ஆறு கிளைப்புகள் போதும். உங்கள் படத்தில் பத்து இருந்தால், எங்கோ ஒரு சோதனை எதையும் பிரிக்காமல் சும்மா நிற்கிறது, இல்லையென்றால் ஒரே பாக்டீரியா இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. நான் போடும் படம் இது:

1. ஆக்ஸிடேஸ்: பிளஸ் என்றால் சூடோமோனாஸ். மைனஸ் என்றால் 2-க்கு.
2. லாக்டோஸ்: பிளஸ் என்றால் 3-க்கு. மைனஸ் என்றால் 5-க்கு.
3. இன்டோல்: பிளஸ் என்றால் ஈ. கோலை. மைனஸ் என்றால் 4-க்கு.
4. நகரும் தன்மை: உண்டு என்றால் என்டரோபாக்டர். இல்லை என்றால் கிளெப்சியெல்லா.
5. யூரியேஸ்: பிளஸ் என்றால் 6-க்கு. மைனஸ் என்றால் சால்மொனெல்லா.
6. இன்டோல்: பிளஸ் என்றால் வல்காரிஸ். மைனஸ் என்றால் மிராபிலிஸ்.

இன்டோல் இரண்டு இடத்தில் வருகிறதே என்று பதற வேண்டாம். வெவ்வேறு கிளையில் ஒரே சோதனை வருவதில் தவறில்லை. டியூப் ஒன்றுதான் செலவாகும்.

பாதிக்குப் பாதி பிரிக்கும் சோதனையைத்தானே முதலில் வைக்க வேண்டும்? ஆக்ஸிடேஸ் ஒன்றை மட்டும்தானே கழிக்கிறது?

நல்ல கேள்வி. காகிதத்தில் பார்த்தால் லாக்டோஸ்தான் மேல், 3-க்கு 4 என்று பிரிக்கிறது. ஆனால் படத்தின் உச்சியில் வரும் பிழை கீழே எல்லாவற்றையும் கெடுக்கும். அதனால் எவ்வளவு சமமாகப் பிரிக்கிறது என்பதைவிட, எவ்வளவு உறுதியாகப் பதில் சொல்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். ஆக்ஸிடேஸ் அரை நிமிடத்தில் கருநீலமாகும், அல்லது ஆகாது. கூடவே, சர்க்கரையை நொதிக்கவே செய்யாத சூடோமோனாஸ் ஆரம்பத்திலேயே விலகிவிடுவதால், மீதி ஆறையும் நொதித்தல் சோதனைகளால் நிம்மதியாகப் பிரிக்கலாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. நிக்ரோம் கம்பியால் காலனியை எடுத்தால் பொய்யான பிளஸ் வரும். பிளாட்டினம் லூப்போ மரக்குச்சியோ பயன்படுத்துங்கள். லாக்டோஸ் கலந்த மெக்கான்கி அகார் தட்டிலிருந்து எடுக்காதீர்கள், அங்கே உண்டாகும் அமிலம் முடிவைக் குழப்பும். நியூட்ரியன்ட் அகாரில் வளர்ந்த காலனிதான் சரி. சில நிமிடங்கள் கழித்து மெல்ல நீலமானால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

யூரியேஸை முதலில் வைத்தேன். கிளெப்சியெல்லா புரோட்டியஸ் பக்கம் போய்விட்டது. டியூபில் கலப்படமா?

டியூப் நன்றாகத்தான் இருக்கிறது. அட்டவணையில் பிளஸ் என்ற ஒரே குறிக்குள் இரண்டு வேகங்கள் ஒளிந்திருக்கின்றன. கிறிஸ்டென்சன் யூரியா அகாரில் புரோட்டியஸ் சில மணி நேரத்திலேயே டியூப் முழுவதையும் அடர் இளஞ்சிவப்பாக்கிவிடும். கிளெப்சியெல்லா நிதானமாக வரும். மறுநாள் பார்த்தால் சாய்வுப் பகுதி மட்டும் சிவந்திருக்கும். மாலை நான்கு மணிக்குப் பார்த்தவர் மைனஸ் என்பார், மறுநாள் காலை பார்த்தவர் பிளஸ் என்பார். இரண்டு பேருமே சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்!

இப்படி ஊசலாடும் சோதனையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கீழே இறக்கினால் போதும். என் படத்தில் யூரியேஸ் லாக்டோஸ் மைனஸுக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் கிளெப்சியெல்லா வேறு கிளைக்குப் போய்விட்டது. மிஞ்சியிருப்பது வேகமான புரோட்டியஸும், யூரியேஸே இல்லாத சால்மொனெல்லாவும்தான்.

டி.எஸ்.ஐ. என்ற மூன்று சர்க்கரை அகார் ஒரே டியூபில் பல விடை தருகிறதே, அதை வைத்து லாக்டோஸ் கேள்வியை முடித்துவிடலாமா?

வேண்டாம். மாணவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். டி.எஸ்.ஐ.யில் குளுக்கோஸ் 0.1 சதவீதம், லாக்டோஸ் 1 சதவீதம், அதோடு சுக்ரோஸும் 1 சதவீதம் இருக்கிறது. மேல்சாய்வு மஞ்சளானால் லாக்டோஸ் அல்லது சுக்ரோஸ் நொதித்தது என்றுதான் பொருள். வல்காரிஸுக்கு லாக்டோஸ் ஆகாது, சுக்ரோஸ் ஆகும். மஞ்சளை வைத்து லாக்டோஸ் பிளஸ் என்று எழுதினால், 3-இல் இன்டோல் பிளஸும் வந்து, வல்காரிஸ் ‘ஈ. கோலை’ ஆகிவிடும். டியூபின் அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடால் வரும் கறுப்பு காட்டிக்கொடுக்கும், ஆனால் கறுப்பை யாரும் கவனிப்பதில்லை. லாக்டோஸை மெக்கான்கியிலோ லாக்டோஸ் பிராத்திலோ பாருங்கள்.

டி.எஸ்.ஐ.யைப் படத்தில் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ‘கறுப்பு உண்டா, இல்லையா’ என்று ஒரே கேள்வியாக உடைத்துப் போடுங்கள். 18 முதல் 24 மணி நேரத்துக்குள் பாருங்கள். அதைத் தாண்டினால் சர்க்கரை தீர்ந்து, மஞ்சள் சாய்வு திரும்பவும் சிவக்கலாம்.

படம் சரி, அதன்படியே போனேன், கிளெப்சியெல்லா என்று எழுதினேன். ஈ. கோலை என்கிறார்கள். எப்படி?

நீங்கள் அனுப்பிய முடிவுகள்: ஆக்ஸிடேஸ் மைனஸ், லாக்டோஸ் பிளஸ், இன்டோல் மைனஸ், நகரவில்லை. படத்தின்படி கிளெப்சியெல்லாதான். ஆனால் குறிப்பின் ஓரத்தில் ‘சிட்ரேட் பச்சையாகவே இருந்தது’ என்றும், மெக்கான்கியில் காலனி ‘தட்டையாக, உலர்ந்து’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளெப்சியெல்லா சிட்ரேட்டை நீலமாக்கும், காலனி சளி போல் வழவழவென்று இருக்கும். இரண்டுமே ஒத்துப்போகவில்லை.

நழுவியது இன்டோலில். டிரிப்டோன் பிராத் தீர்ந்துபோனதால் நியூட்ரியன்ட் பிராத்தில் வைத்ததாகச் சொல்கிறீர்கள். இன்டோல் வருவதே டிரிப்டோஃபேனிலிருந்துதான். அது போதுமான அளவு இல்லாத ஊடகத்தில் ஈ. கோலைகூட மைனஸ் காட்டும். கோவாக்ஸ் வினைபொருளையும் ஒரு பார்வை பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது, பழசானால் பழுப்பாகிவிடும். ஈ. கோலை என்று தெரிந்த ஒரு கல்ச்சரைப் பக்கத்தில் வைத்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். நகரும் தன்மையும் உங்களைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் ஈ. கோலையில் நகராத ரகங்களும் உண்டு.

இதனால்தான் ஒவ்வொரு பெயருக்கும் கீழே, வழியில் வராத ஒரு சோதனையை உறுதிக்காக எழுதி வைப்பேன்: கிளெப்சியெல்லாவுக்குக் கீழே ‘சிட்ரேட் பிளஸ்’, சால்மொனெல்லாவுக்குக் கீழே ‘கறுப்பு உண்டு’. பொருந்தாவிட்டால், கிளைகளில் பின்னோக்கிப் போய், சந்தேகமான முதல் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கிராம் பாசிட்டிவ் கோக்கைகளுக்கும் இதே மாதிரிதானா?

அதேதான். உச்சியில் ஆக்ஸிடேஸுக்குப் பதில் கேட்டலேஸ் வரும்: நுரைத்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் பக்கம், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம். கோயாகுலேஸை அதற்குக் கீழே, ஸ்டஃபிலோகாக்கஸ் கிளையில் மட்டும் வையுங்கள். பிளட் அகாரிலிருந்து காலனி எடுக்கும்போது அகாரைச் சுரண்டிவிடாதீர்கள், சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் இருப்பதால் எல்லாமே நுரைக்கும்.