ஜோன், ரீச்: வாசகர் கேள்விகள்

டிஸ்டன்ஸ் ரிலேயில் ஜோன் 1-ஐ லைன் நீளத்தின் 80 சதவீதத்தோடு நிறுத்துவது ஏன்? 100 வைத்தால் லைன் முழுவதும் உடனே டிரிப் ஆகுமே?

சி.டி., பி.டி., லைன் டேட்டா மூன்றிலும் பிழை உண்டு. 100 வைத்தால் எதிர் ஸ்டேஷன் பஸ் ஃபால்ட்டுக்கும் உங்கள் பிரேக்கர் திறந்துவிடும். வேகம்தான் வேண்டுமென்றால் கேரியர் ஸ்கீம் போடுங்கள்.

230 கேவி, 100 கிமீ லைன், 40 ஓம். ஜோன் 1-க்கு 32 ஓம் கொடுத்தோம். அடுத்த லைன் ஃபால்ட்டுக்கும் உடனே டிரிப் ஆகிறது. ரிலே பழுதா?

ரிலே சொன்னதைச் செய்கிறது. அந்த 32 பிரைமரியா, செகண்டரியா? சி.டி. விகிதம்கூட எழுதாமல் காரணம் கேட்டால் எப்படி? 800/1 சி.டி., 230 கேவி/110 வோல்ட் பி.டி. என்று வைத்துக்கொள்கிறேன். 800-ஐ 2090-ஆல் வகுத்தால் 0.38. ஆக செகண்டரியில் 12 ஓம் வர வேண்டும். நீங்கள் 32-ஐ அப்படியே போட்டதால் ஜோன் 1 பிரைமரியில் 84 ஓம், அதாவது 210 கிமீ வரை பார்க்கிறது. ஓம் என்று எழுதும்போதெல்லாம் பிரைமரியா செகண்டரியா என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

அதே மாதிரி லைனில் ஜோன் 3 ரெசிஸ்டிவ் ரீச் 100 ஓம் (பிரைமரி). மரம் உரசினாலும் பிடிக்கட்டும் என்று கூட்டி வைத்தோம். சரியா?

சரியில்லை. ஜோன் 3-ஐ விரித்துக்கொண்டே போவதும், லோடு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் விடுவதும் நான் ஓயாமல் கண்டிக்கிற பழக்கம். கணக்கைப் பாருங்கள். மின்னோட்டம் 800 ஆம்பியரின் ஒன்றரை மடங்கு, 1200. வோல்டேஜ் 85 சதவீதத்துக்கு இறங்கியது என்றால் ஃபேஸுக்கு 113 கேவி. வகுத்தால் 94 ஓம். லோடு கோணம் 30 டிகிரி என்றால் அதன் ரெசிஸ்டன்ஸ் பகுதி 81 ஓம்தான். உங்கள் 100-க்குள் அது வந்துவிட்டது! ஃபால்ட்டே இல்லாமல், கிரிட் திணறுகிற நேரத்தில் லைன் விழும். அதன் சுமை பக்கத்து லைனுக்குப் போய் அதுவும் விழும். 2012 ஜூலை 30 அதிகாலையில் 400 கேவி பினா–குவாலியர் லைன் இப்படித்தான் லோடு ஜோன் 3-க்குள் புகுந்து டிரிப் ஆனது, தொடர்ந்து வட இந்திய கிரிட்டே விழுந்தது. 81-இல் 80 சதவீதம், சுமார் 65 ஓமுக்கு மேல் போகாதீர்கள். ரிலேயில் லோடு பிளைண்டர் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். மரத்தை எர்த் ஃபால்ட் ரிலே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த லைன் 15 கிமீதான். எங்கள் ஜோன் 2 அதையும் தாண்டுகிறது. 105 சதவீதமாகக் குறைக்கலாமா?

கூடாது. சி.டி., பி.டி. பிழை சேர்ந்தால் உங்கள் லைனின் கடைசித் துண்டே ஜோன் 2-இலிருந்து விடுபடலாம். 120-க்குக் கீழே போகவே வேண்டாம். உங்கள் லைனும் அதே 40 ஓம் என்றால் 120 சதவீதம் 48 ஓம். அதில் உங்களுடையது 40, அடுத்ததன் 6 ஓமையும் அது தாண்டத்தான் செய்யும். ரீச்சை விட்டுவிட்டு நேரத்தை மாற்றுங்கள். அவர்களுடைய ஜோன் 2 0.35 வினாடி என்றால் உங்களுடையது 0.6. அந்த 6 ஓம் பிரைமரி என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.