லேஆஃப் நியூஸ பார்த்து பயப்படுறதுக்கு முன்னாடி ரெண்டு தேதிய பாருங்க

அம்மா, நீங்க அனுப்புன ரெண்டு ஆஃபர் லெட்டரையும் பொறுமையா படிச்சேன். ஒண்ணு பெரிய ஐடி கம்பெனி, வருஷத்துக்கு மூணரை லட்சம், ஆனா டிவில பேப்பர்ல எல்லாம் அங்க ஆள் எடுக்குறாங்கன்னு இல்லாம ஆள் அனுப்புறாங்கன்னே நியூஸ் வருதுன்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணு பெங்களூர் ஸ்டார்ட்அப், எட்டரை லட்சம், லேஆஃப் நியூஸ் எதுவுமே இல்ல, அதனால அதுதான் சேஃப்னு பையன் சொல்றான். எனக்கு இந்த ரெண்டாவது வாதம்தான் கவலையா இருக்கு, ஏன்னா நியூஸ் வரலங்கறதுக்கு கம்பெனி நல்லா இருக்குன்னு அர்த்தம் கிடையாது, பல நேரம் யாரும் எட்டிப் பார்க்கலன்னு மட்டும்தான் அர்த்தம்.

முதல்ல பெரிய கம்பெனி விஷயம். 2025 ஜூலைல டிசிஎஸ் தன்னோட ஆட்கள்ல 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேர அனுப்பப்போறதா சொன்னப்ப எனக்கு வந்த ஃபோனுக்கு அளவே இல்ல, எல்லாம் உங்கள மாதிரி பெத்தவங்க. ஆனா அதே ஜூலைல வெளியான அந்த காலாண்டு ரிசல்ட்ல லாபம் 12,760 கோடி ரூபா, மொத்த ஆட்கள் 6,13,000 பேர். அனுப்புறதுல பெரும்பாலும் நடு லெவல் சீனியர் லெவல் ஆட்கள்னும் அவங்களே சொன்னாங்க. இத படிக்கும்போது ரெண்டு கேள்விய தனித்தனியா வச்சுக்கணும், கம்பெனி மூழ்குமாங்கறது ஒண்ணு, என் பையன் உட்காரப்போற சீட் நிலைக்குமாங்கறது இன்னொண்ணு. அந்த நியூஸ் முதல் கேள்விக்கு பதிலே இல்ல, சம்பளம் போட காசு இல்லாம அனுப்பல, ஆட்களோட கலவைய மாத்துறாங்க. ரெண்டாவது கேள்விக்கு அது கொஞ்சம் பதில்தான், ஏன்னா இந்த மாதிரி எடத்துல ஃப்ரெஷருக்கு ஆபத்து வேற ரூபத்துல வரும், ஆஃபர் குடுத்துட்டு ஜாயினிங் டேட்ட தள்ளிக்கிட்டே போறது, டிரெய்னிங் டெஸ்ட்ல ஃபெயில்னு அனுப்புறது, ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல ரொம்ப நாள் உட்கார விடாதது. அத போன வருஷ பேட்ச் சீனியர்ஸ்கிட்ட கேட்டா ஒரே நாள்ல தெரிஞ்சிடும், அவன் காலேஜ்லயே நாலு பேராவது இருப்பாங்க.

இப்ப ஸ்டார்ட்அப். இதுக்கு நான் எல்லார்க்கும் சொல்ற உதாரணம் ஆன்லைன்ல பாடம் நடத்துன பைஜூஸ், ஏன்னா அங்க நடந்தது எல்லாமே பப்ளிக் ரெக்கார்ட்ல இருக்கு, தேதிகள வரிசையா வச்சு பார்த்தா எந்த சிக்னல் முன்னாடி வந்துச்சு எது பின்னாடி வந்துச்சுன்னு தெளிவா தெரியும். 2022 மார்ச்ல அந்த கம்பெனியோட மதிப்பு 2,200 கோடி டாலர்னு பேப்பர் எல்லாம் போட்டாங்க. லேஆஃப் நியூஸ், 2,500 பேர அனுப்பப்போறோம்னு அவங்க சொன்னது, 2022 அக்டோபர்ல. நம்ம ஊர்ல முக்காவாசி பேர் அந்த அக்டோபர்லதான் முழிச்சாங்க.

ஆனா முதல் சிக்னல் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. நம்ம நாட்டு கம்பெனி சட்டப்படி மார்ச் 31ல வருஷம் முடிஞ்சா செப்டம்பர் 30க்குள்ள ஆண்டு பொதுக்கூட்டம் நடத்தணும், அதுல இருந்து 30 நாளைக்குள்ள கணக்க அரசாங்கத்துக்கு தாக்கல் பண்ணணும். அப்ப சாதாரணமா அக்டோபர் கடைசில அந்த மார்ச் மாச கணக்கு உள்ள போயிருக்கணும். 2021ல கொரோனான்னு கொஞ்சம் அவகாசம் நீட்டிச்சாங்க சரி, அதையும் சேர்த்து பார்த்தாலும் 2021 மார்ச் கணக்கு 2022 செப்டம்பர் வரைக்கும் வரவே இல்ல, ஒன்றரை வருஷம். வந்தப்ப நஷ்டம் 4,500 கோடிக்கு மேல, அதுக்கு முந்தின வருஷம் 232 கோடிதான். ஏன் இவ்ளோ வித்தியாசம்னா, பல வருஷ கோர்ஸுக்கு மொத்தமா வாங்கின ஃபீஸ அந்த வருஷ வருமானமாவே முழுசா காட்டக்கூடாது, கோர்ஸ் நடக்குற வருஷங்களுக்கு பிரிச்சு காட்டணும்னு கணக்கு முறை மாறுச்சு, அதுல பெரிய பங்கு வருமானம் பின்னால தள்ளிப்போச்சு. அப்புறம் 2023 ஜூன்ல அடுத்த வருஷ கணக்கும் இழுக்குதுன்னு காரணம் சொல்லி டெலாய்ட் ஆடிட்டர் பொறுப்ப விட்டு விலகுச்சு, அதே சமயத்துல முதலீட்டாளர்கள் சார்பா போர்டுல இருந்த மூணு பேரும் வெளிய போனாங்க. 2024 தொடக்கத்துல சம்பளம் லேட், 2024 ஜூலைல திவால் நடவடிக்கை. 2022 வசந்த காலத்துல ஆஃபர் வாங்கின ஒரு பையன், மதிப்பு எத்தன கோடி டாலர்ங்கறத விட்டுட்டு கடைசி கணக்கு எந்த தேதியோடதுன்னு மட்டும் பார்த்திருந்தா, லேஆஃப் அறிவிப்புக்கு அரை வருஷம் முன்னாடியே அவனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

அந்த தேதிய பார்க்க காசு வேண்டாம். mca.gov.in போய் View Company Master Data எடுத்து கம்பெனி பேர போடணும், லாகின் கேட்டா இலவசமா அக்கவுண்ட் ஆரம்பிச்சுக்கலாம். பிராண்ட் பேர போட்டா வராது, ஆஃபர் லெட்டர் அடியில பொடி எழுத்துல இருக்குற பிரைவேட் லிமிடெட் பேர போடணும், பைஜூஸ் கூட அங்க Think and Learn Private Limited தான். அந்த பக்கத்துல கடைசி பொதுக்கூட்ட தேதி, Date of Balance Sheet, ஸ்டேட்டஸ் மூணும் இருக்கும். (ஆஃபர் லெட்டர்ல இருக்குற பேரே வேற ஒரு மேன்பவர் ஏஜென்சியா இருந்தா அங்கயே நிறுத்துங்க, அப்ப பையன் அந்த ஸ்டார்ட்அப் ஊழியனே கிடையாது.)

உங்க பையனோட கம்பெனிய நான் போட்டு பார்த்தேன். இப்ப டிசம்பர் ஆகுது, இந்த மார்ச் கணக்கு வந்திருக்கணும், அங்க காட்டுறது போன வருஷ மார்ச். ஒரு மாசம் ரெண்டு மாசம் லேட்னா நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், சின்ன கம்பெனில ஆடிட்டர் கிடைக்காம கூட இழுக்கும், அபராதம் கட்டிட்டு போயிடுவாங்க. அதனால இத மட்டும் வச்சு முடிவு பண்ணாம நூறு ரூபா கட்டி அந்த பழைய கணக்கையே டவுன்லோட் பண்ணேன். அதுல லாபம் நஷ்டம் பக்கத்த தாண்டி கேஷ் ஃப்ளோன்னு ஒரு பக்கம் வரும், அதுல தொழில் நடத்த வருஷத்துல எவ்ளோ பணம் வெளிய போச்சுன்னு ஒரே வரில இருக்கும். இவங்களுக்கு 54 கோடி, மாசத்துக்கு நாலரை கோடி. வருஷக் கடைசில பேங்க்லயும் டெபாசிட்லயும் கையில இருந்தது 38 கோடி. வகுத்தா எட்டு மாசம் சொச்சம். அந்த கணக்கு முடிஞ்சு இப்ப இருபது மாசம் ஆச்சு, அப்ப நடுவுல புதுசா பணம் வந்திருக்கணும், இல்லைன்னா செலவ பயங்கரமா வெட்டியிருக்கணும், ரெண்டுல ஒண்ணு. புதுப் பணம் வந்து ஷேர் குடுத்தா PAS-3ன்னு ஒரு ஃபார்ம் தாக்கல் ஆகும், நியூஸ்ல வர்ற ஃபண்டிங் அறிவிப்ப விட எனக்கு அதுமேலதான் நம்பிக்கை, ஏன்னா அறிவிச்ச பணம் முழுசா வந்து சேராத கதை உண்டு. இவங்க டாக்குமெண்ட் லிஸ்ட்ல இந்த இருபது மாசத்துல அந்த ஃபார்ம் ஒண்ணு கூட இல்ல. கடன் வாங்கி ஓட்டலாம், அதுவும் சாத்தியம்தான், அதனால அடுத்தத பார்த்தேன்.

அடுத்தது பிஎஃப். வெளியாள் யார் வேணா பார்க்கக்கூடிய மாசாமாச கணக்கு இது, இதப்பத்தி நம்ம பசங்களுக்கு தெரியவே மாட்டேங்குது. இபிஎஃப்ஓ வெப்சைட்ல எஸ்டாப்ளிஷ்மெண்ட் சர்ச்சுன்னு இருக்கு, கம்பெனி பேர போட்டு பேமெண்ட் விவரத்த திறந்தா எந்த மாசத்துக்கு எத்தன பேருக்கு எந்த தேதில பணம் கட்டினாங்கன்னு வரிசையா வரும். ஒரு மாச சம்பளத்துக்கான பிஎஃப அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். இந்த கம்பெனி ஜனவரி வரைக்கும் 13, 14ஆம் தேதி கட்டிட்டு வந்திருக்கு, ஜூன்ல இருந்து 28, 30ன்னு தள்ளுது, செப்டம்பர் மாசத்துக்கானது நவம்பர்லதான் ஏறியிருக்கு. ஆட்கள் எண்ணிக்கை ஜனவரில 212, செப்டம்பர்ல 140. ஒரு லேஆஃப் நியூஸும் வராம எழுபது பேர் குறைஞ்சிருக்காங்க அம்மா, இதத்தான் பையன் சேஃப்னு நினைச்சிட்டு இருக்கான்.

இதுலயும் ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கை குறைஞ்சா வேலைய விட்டு தூக்கினாங்கன்னே அர்த்தம் இல்ல, வேற ஊர் ஆஃபீஸுக்கு தனி பிஎஃப் கோட் வாங்கியிருக்கலாம், ஆட்கள கான்ட்ராக்ட்டுக்கு மாத்தியிருக்கலாம், பேசிக் 15,000க்கு மேல இருக்குற புது ஆள பிஎஃப்ல சேர்க்காம விடவும் வழி உண்டு. அதனால எண்ணிக்கைய விட கட்டின தேதிக்குத்தான் நான் அதிக மதிப்பு குடுப்பேன். சம்பளத்துல பிடிச்ச பணத்த நேரத்துக்கு கட்ட முடியலன்னா கையில பணம் இல்லைங்கறத தவிர வேற நல்ல காரணம் யோசிக்க எனக்கு வரல, ஏதோ ஒரு மாசம்னா சரி, நாலு மாசமா அதே கதைன்னா இல்ல.

பையன் நேரா எச்ஆர்கிட்ட கேட்கட்டும், மரியாதையா, ரெண்டே கேள்வி: இப்ப கையில இருக்குற பணம் எத்தன மாசத்துக்கு வரும், இந்த வருஷ கணக்கு எப்ப தாக்கல் ஆகும். பதில் தெரியலன்னு சொன்னா தப்பில்ல, கேட்டு சொல்றேன்னு சொல்லி ஒரு வாரத்துல சொன்னா அது நல்ல கம்பெனி. ஃப்ரெஷர் இதெல்லாம் கேட்கக்கூடாதுன்னு மடக்கினாலோ ஃபண்டிங் வந்துட்டே இருக்குன்னு மழுப்பினாலோ எனக்கு அது பதில்தான். அப்புறம் அந்த எட்டரை லட்சத்துல ஒன்றரை லட்சம் வருஷக் கடைசில குடுக்குற போனஸ், வருஷக் கடைசி வரைக்கும் கம்பெனி இருந்தாத்தான் அது காசு, அதனால ஒப்பிடும்போது ஏழுன்னு வச்சுக்கோங்க.

பெரிய கம்பெனி ஆஃபர இப்பவே வேண்டாம்னு எழுதிட வேண்டாம், பதில் சொல்ல பத்து நாள் டைம் இருக்கு. அக்டோபர் மாச பிஎஃப் இன்னும் ஏறல, நவம்பர் மாசத்துக்கானது இந்த 15ஆம் தேதிக்குள்ள வந்தாகணும், 17ஆம் தேதி அவன உட்கார வச்சு அந்த பக்கத்த அவன் கையாலயே திறந்து பார்க்க சொல்லுங்க, ரெண்டு மாசமும் ஏறியிருந்தா மறுபடி பேசலாம்.