தவில் அடிக்கு முன்னால் கேட்கும் ‘ஷ்’

“எங்கள் ஊர்த் திருவிழா மல்லாரியை ரெக்கார்டரில் வேவ் கோப்பாகப் பதிந்தேன். மொபைல் ஆப்பில் 96 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கியதும் நாகஸ்வரம் பரவாயில்லை, ஆனால் தவில் அடி மழுங்கிவிட்டது. அடிக்கு முன்னாலேயே ஏதோ உரசல் கேட்கிறது. ஏன் சார்?”
— ஒரு வாசகர், திருவிடைமருதூர்

நாகஸ்வரக்காரர் மேல் ஸ்தாயியில் நின்று பிடிக்கும்போது ஜால்ராவைக் கவனியுங்கள். தட்டும் கணம் மட்டும் கேட்கும், ரீங்காரம் கேட்காது. அவர் சீவாளியிலிருந்து வாயை எடுத்ததும் அது வெளியே வரும். அதுவரையும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. பலத்த ஒலி, தன்னை ஒட்டியும் தனக்கு மேலேயும் உள்ள அதிர்வெண்களில் வரும் சன்னமான ஒலியை நம் காதில் மூடிவிடுகிறது. கீழ்ப்பக்கம் அவ்வளவாக மூடாது.

எம்பி3 இதை நம்பித்தான் பிழைக்கிறது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் 576 அதிர்வெண் கூறுகளாகப் பிரித்து, எங்கே எவ்வளவு மூடிக்கிடக்கும் என்று கணக்குப் போடும். முழுக்க மூடியதைத் தூக்கிப்போடும். மீதியைத் தோராயமான எண்களாக எழுதும். தோராயம் என்றால் இரைச்சல். அந்த இரைச்சலும் மூடிய எல்லைக்குள் அடங்கிவிட்டால் நமக்குத் தெரியாது. ‘கேட்காததை நீக்குகிறது’ என்று மட்டும் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நாகஸ்வரம் இடைவிடாமல் ஒலிப்பதால் தன் இரைச்சலைத் தானே மூடிக்கொள்ளும். தவில் அப்படியில்லை. கூடு போட்ட விரல் தோலில் விழுவதற்கு முந்தைய கணம் அமைதி. ஆனால் 44.1 கிலோஹெர்ட்ஸில் எம்பி3 ஒரே வீச்சில் பார்க்கும் நீளம் சுமார் 26 மில்லிசெகண்ட். தோராயத்தின் இரைச்சல் அந்த நீளம் முழுக்கப் பரவி, அடிக்கு முன்னால் இருந்த அமைதியிலும் விழும். அடி ஓய்ந்த பிறகு 100 மில்லிசெகண்ட் அளவுக்குக்கூட மூடல் நீடிக்கும். அடிக்கு முன்னாலோ சில மில்லிசெகண்ட்தான். மூடாமல் மிஞ்சியதுதான் உங்கள் உரசல்.

இதற்கு மருந்து எம்பி3-க்குள்ளேயே இருக்கிறது. திடீர் அடி வந்தால் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள துண்டுகளுக்கு மாறிக்கொள்ளலாம். அதற்குக் கூடுதல் பிட் வேண்டும். 96-இல் கைவசம் இருப்பது குறைவு. சில ஆப்கள் மாறவேண்டிய இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதும் இல்லை.

ஆகவே கம்ப்யூட்டரில் லேம் என்ற எம்பி3 ஆக்கும் நிரலை நிறுவி, கட்டளை வரியில் இப்படிக் கொடுங்கள்:

```
lame -V 2 mallari.wav mallari.mp3
```

சராசரியாக 190 கேபிபிஎஸ் வாக்கில் வரும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 85 எம்பி. இதில் பிட் அளவு நிலையாக இருக்காது, சிக்கலான இடத்தில் கூடும். பழைய எம்பி3-யிலிருந்து மாற்றாதீர்கள். அதில் ஏறிய இரைச்சல் போகாது, புதிதும் சேரும். வேவிலிருந்தே தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

அப்புறம் ஹெட்போன் போட்டு, தனி ஆவர்த்தனத்தில் இடைவெளி விட்டு விழும் ஒற்றை அடி ஒன்றை வேவிலும் எம்பி3-யிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நாகஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் சோதித்துப் பயனில்லை, அது உரசலைப் பெரும்பாலும் மூடிவிடும்.