குடோன் சூப்பர்வைசரிலிருந்து டிமாண்ட் பிளானிங்குக்கு

"சேதராப்பட்டில் ஒரு குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டிமாண்ட் பிளானிங் பக்கம் போக ஆசை. இன்டர்வியூவில் காட்ட என்னிடம் எதுவுமே இல்லையே?"

இருக்கிறது நண்பரே. எந்தச் சரக்கை எவ்வளவு கேட்பார்கள் என்று முன்கூட்டியே கணிப்பதுதானே டிமாண்ட் பிளானிங். வேகமாக ஓடும் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு, டீலர்கள் மாதாமாதம் கேட்ட எண்ணிக்கையையும் நீங்கள் அனுப்பிய எண்ணிக்கையையும் எக்செலில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள்.

செப்டம்பரில் 400 பெட்டி, அக்டோபரில் 410 போனது, நவம்பரில் மழையால் லாரி வராமல் ஸ்டாக் தீர்ந்து 260தான் போனது என்று வையுங்கள். அனுப்பியதை மட்டும் பார்ப்பவர் சராசரி 357 என்று திட்டம் போடுவார், டிசம்பரிலும் தட்டுப்பாடுதான். ஆர்டர் புத்தகத்தில் நவம்பருக்கு 390 இருந்தால் உண்மையான சராசரி 400. குடோனில் நின்றவருக்குத்தான் இந்த 260க்குக் காரணம் தெரியும், அதுதான் உங்கள் பலம். ஆனால் ஒன்று, நவம்பரில் கிடைக்காத 130 பெட்டியை டீலர் டிசம்பரில் திரும்பக் கேட்டால் அதைப் புதுத் தேவையாக எண்ணிவிடாதீர்கள், இரட்டைக் கணக்காகிவிடும்.

அப்புறம் மாதம் பிறக்கும் முன்பே உங்கள் கணிப்பை எழுதி வையுங்கள். 400 சொல்லி 440 கேட்டார்கள் என்றால் பிழை 40, கேட்டதில் சுமார் 9 சதவீதம். ஒவ்வொரு மாதமும் குறைவாகவே கணிக்கிறீர்களா என்றும் பாருங்கள், ஒரே பக்கம் சாய்வது தனி நோய்.

சரி, நேராக டிமாண்ட் பிளானர் வேலை கிடைப்பது கஷ்டம். இப்போதைய கம்பெனியிலேயே, சரக்கு இருப்பைக் கணக்குப் பார்க்கும் இன்வென்டரி கன்ட்ரோல் பக்கம் இடம் கேளுங்கள், இந்த ஷீட்டோடு போய்.